ஒரு புடவை, மூன்று படங்கள்: திரைக்கு ஏற்ற அளவைத் தேர்வது எப்படி?

காஞ்சிபுரம் பட்டுப்புடவை விற்கும் ஒரு சிறு கடையின் இணையப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கடை கற்பனை, கணக்கு நிஜம். புடவையை விரித்துத் தொங்கவிட்டு, மொபைலிலேயே செங்குத்தாகப் படம் எடுத்திருக்கிறார்கள். 12 மெகாபிக்சல் கேமரா. படத்தின் அகலம் 3000 பிக்சல், உயரம் 4000 பிக்சல். கோப்பின் எடை 4 எம்பி அளவில். அதை அப்படியே பக்கத்தில் ஏற்றியாகிவிட்டது. கடையின் வைஃபையில் படம் பளிச்சென்று வருகிறது. பேருந்தில் உட்கார்ந்து மொபைலில் பார்க்கும் வாடிக்கையாளருக்கோ, மேல்பாதி வந்தபின் மீதி இடம் வெள்ளையாகவே நிற்கிறது.

"மொபைலுக்கு ஒரு சின்னப் படம், கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய படம் போட்டால் சரியாகிவிடும்" என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பாதி சரி. ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உண்மை. ஆனால் எந்தத் திரைக்கு எது சின்னது, எது பெரியது என்று கணக்குப் போட்டால் விடை நாம் நினைப்பதற்கு நேர்மாறாக வருகிறது.

திரையின் அகலம் அல்ல, இடத்தின் அகலம்

2010இல் வந்த ஐஃபோன் 4இல்தான் இந்தக் குழப்பம் தொடங்கியது. அதற்கு முந்தைய ஐஃபோன்களின் திரை 320 பிக்சல் அகலம். ஐஃபோன் 4இன் திரை அதே அளவுதான். ஆனால் உள்ளே 640 பிக்சல்களை நெருக்கி அடைத்திருந்தார்கள். இணையப் பக்கங்கள் அதில் பாதியாகச் சுருங்கித் தெரிந்தால் யாராலும் படிக்க முடியாது. அதனால் ஆப்பிள் ஒரு ஏற்பாடு செய்தது. பக்கத்தை வடிவமைப்பவருக்குத் திரை பழையபடி 320 அலகு அகலம்தான். ஒவ்வோர் அலகையும் அகலவாக்கில் இரண்டு, உயரவாக்கில் இரண்டு என நிஜப் பிக்சல்களால் நிரப்புவது கருவியின் வேலை. இந்த இரண்டு என்பதுதான் அந்தத் திரையின் அடர்த்தி. இன்றைய மொபைல்களில் அது 2, 3, சிலவற்றில் 2.625 என்றுகூட இருக்கும். சாதாரண லேப்டாப்பில் 1.

இனி நம் கடைக்கு வருவோம். மொபைலில் புடவைப் படம் திரை முழுக்க வருகிறது. இரண்டு ஓரத்திலும் 16 அலகு இடைவெளி. கம்ப்யூட்டரில் இடப்பக்கம் படம், வலப்பக்கம் விலையும் விவரமும். அங்கே படத்துக்கு ஒதுக்கிய அகலம் 600 அலகு. ஒவ்வொரு கருவிக்கும் எத்தனை பிக்சல் அகலமுள்ள படம் வேண்டும் என்று பார்ப்போம். படம் உட்காரும் இடத்தின் அகலத்தை அடர்த்தியால் பெருக்கினால் போதும்.

- விலை குறைந்த ஆண்ட்ராய்டு மொபைல், 360 அலகு, அடர்த்தி 2: 328 × 2 = 656
- கொஞ்சம் விலை கூடிய ஆண்ட்ராய்டு, 360 அலகு, அடர்த்தி 3: 328 × 3 = 984
- 390 அலகு அகலமுள்ள ஐஃபோன், அடர்த்தி 3: 358 × 3 = 1074
- 1366 பிக்சல் அகலத் திரை கொண்ட சாதாரண லேப்டாப், அடர்த்தி 1: 600
- அடர்த்தி 2 உள்ள மேக்புக்: 600 × 2 = 1200
- 820 அலகு அகலமுள்ள ஐபேட், அடர்த்தி 2: 788 × 2 = 1576

பட்டியலிலேயே மிகச் சிறிய படம் போதும் என்பது லேப்டாப்பிடமிருந்து வருகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஐஃபோன் அதைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு அகலமான படத்தைக் கேட்கிறது. "மொபைல் என்றால் சின்னப் படம்" என்று வைத்தால் நல்ல மொபைலில் ஜரிகை மங்கலாகத் தெரியும். லேப்டாப்புக்குத் தேவையில்லாத பாரம் போகும்.

இந்த எண்களைத் தொகுத்தால் மூன்று அளவுகள் போதும்: 720, 1080, 1440. அகலம் 656 கேட்பவருக்கும் 600 கேட்பவருக்கும் 720 பொருந்தும். அகலம் 984, 1074 இரண்டுக்கும் 1080. ஐபேடுக்கு 1440 கொஞ்சம் குறைவுதான், கண்ணுக்குத் தெரியாது. இடையிடையே பத்து அளவுகள் வைப்பதால் பெரிய லாபம் இல்லை. அடுத்தடுத்த அளவுகளுக்கு நடுவே கணிசமான இடைவெளி இருந்தால்தான் மிச்சம் பிடிக்க முடியும். அகலம் 720லிருந்து 1080 ஆகும்போது உயரமும் சேர்ந்து வளர்வதால், பிக்சல்களின் எண்ணிக்கை 2.25 மடங்காகிறது.

மூலப் படத்தில் இருப்பவை 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். அகலம் 1080, உயரம் 1440 உள்ள படத்தில் ஏறக்குறைய 15½ லட்சம். எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். கோப்பின் எடையும் 4 எம்பியிலிருந்து பெரும்பாலும் 200 முதல் 400 கேபிக்குள் வந்துவிடும். இன்னும் எந்தப் புதிய ஃபார்மட்டையும் நாம் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டேட்டா மட்டும் அல்ல, மொபைலின் நினைவகமும் மிச்சமாகிறது. கோப்பு எவ்வளவு சுருக்கப்பட்டிருந்தாலும், திரையில் காட்ட அதை விரித்தாக வேண்டும். விரித்தபின் ஒரு பிக்சலுக்கு 4 பைட் இடம் பிடிக்கும். மூலப் படம் அப்படியே விரிந்தால் 48 எம்பி. 720 அகலப் படம் 3 எம்பிக்கும் குறைவு. பத்துப் புடவைகள் வரிசையாக உள்ள பக்கத்தில் விரலால் தள்ளும்போது விலை குறைந்த மொபைல் திக்கித் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "ஸ்டைல்ஷீட்டில் அகலத்தை 100% என்று சொல்லிவிட்டேனே" என்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அந்த வரி படத்தைச் சுருக்கிக் காட்டும். இறக்குமதியாவது முழுக் கோப்புதான்.

பிரவுசருக்கு நாம் சொல்ல வேண்டிய உண்மை

மூன்று படங்கள் தயார். எந்த மொபைலுக்கு எது என்று தேர்வது நம் வேலை அல்ல, பிரவுசரின் வேலை. தன் திரையின் அடர்த்தி அதற்குத்தான் தெரியும். நாம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டால் போதும்: என்னென்ன அளவுகள் இருக்கின்றன, படம் எவ்வளவு அகலமான இடத்தில் உட்காரப் போகிறது.

```html
<img src="pattu-1080.jpg"
  srcset="pattu-720.jpg 720w,
          pattu-1080.jpg 1080w,
          pattu-1440.jpg 1440w"
  sizes="(min-width: 1000px) 600px,
         calc(100vw - 32px)"
  width="1080" height="1440"
  alt="அரக்குச் சிவப்புப் பட்டு, பச்சைக் கரை">
```

`srcset` என்பது இருப்புப் பட்டியல். `720w` என்றால் அந்தக் கோப்பின் நிஜ அகலம் 720 பிக்சல். `sizes` என்பது இடத்தின் அகலம். திரை 1000 அலகோ அதற்கு மேலோ இருந்தால் 600. இல்லாவிட்டால் திரையின் முழு அகலத்தில் 32 குறைவு. நாம் மேலே கையால் போட்ட பெருக்கலைப் பிரவுசர் ஒவ்வொரு கருவியிலும் தானே போட்டுக்கொள்ளும்.

பக்கத்தின் வடிவமைப்பு முழுவதும் ஸ்டைல்ஷீட்டில் எழுதியிருக்கிறதே, இடத்தின் அகலத்தை அங்கிருந்து பிரவுசர் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். நேரம் இல்லை என்பதுதான் பதில். பக்கத்தின் எழுத்து வரத் தொடங்கியதுமே, பிரவுசருக்குள் ஒரு பகுதி முன்னால் ஓடிப்போய் எங்கெங்கே படங்கள் இருக்கின்றன என்று தேடி உடனே வரவழைக்கத் தொடங்குகிறது. ஸ்டைல்ஷீட் அப்போது வந்து சேர்ந்திருக்காது. அதற்காகக் காத்திருந்தால் எல்லாப் படங்களும் தாமதமாகும். பின்னால் தெரியப்போகும் அகலத்தை முன்கூட்டியே சொல்லி வைப்பதற்காகவே `sizes` உருவானது. இந்த ஏற்பாட்டுக்காக வலை வடிவமைப்பாளர்களே குழுவாகச் சேர்ந்து வாதாடினார்கள். யோவ் வைஸ் என்ற நிரலாளர் பொதுமக்களிடம் நிதி திரட்டி, குரோம் பிரவுசரின் அடித்தளத்தில் இதற்கான நிரலை எழுதினார். 2014இல் குரோமில் இது வந்தது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். `srcset` எழுதி `sizes` எழுதாமல் விட்டால், படம் திரையின் முழு அகலத்துக்கும் வரப்போகிறது என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். நம் 1366 லேப்டாப்பில் 600 அலகு இடத்துக்கு 720 படம் போதும். பிரவுசரோ 1366 தேவை என்று நம்பி 1440 படத்தை இறக்கும். பிக்சல் கணக்கில் நான்கு மடங்கு. படம் அழகாகத்தான் தெரியும். எங்கும் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

வேர்ட்பிரஸ் பயன்படுத்துபவர்களுக்குப் பாதி வேலை தானாகவே நடக்கிறது. 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பிலிருந்து, ஏற்றும் படத்தைப் பல அளவுகளில் வெட்டி `srcset` பட்டியலை அதுவே எழுதிவிடும். ஆனால் உங்கள் பக்கத்தில் படத்துக்கு எவ்வளவு இடம் என்பது அதற்குத் தெரியாது. படத்தின் சொந்த அகலம் வரை திரையை நிரப்பும் என்று பொதுவாக ஒரு `sizes` எழுதி வைக்கும். நம் கடையைப் போலப் பக்கத்தை இரண்டாகப் பிரித்திருந்தால், அந்த வரியைத் தீமில் திருத்தியாக வேண்டும்.

ஃபார்மட்: பட்டு நூலில் தெரியும் வித்தியாசம்

அளவு சரியானபின் ஃபார்மட்டுக்கு வரலாம். 1992இல் தரநிலையாக வந்த ஜேபெக் இன்றும் எல்லாக் கருவிகளிலும் திறக்கும். கூகுள் 2010இல் வெளியிட்ட வெப்பி, அதற்குப் பின் 2019இல் வந்த ஏவிஃப், இரண்டுமே வீடியோச் சுருக்கத்திலிருந்து பிறந்தவை. வீடியோவின் ஒரே ஒரு ஃபிரேமைச் சுருக்கும் முறையை எடுத்து நிழற்படத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஒப்பிடத்தக்க தரத்தில் வெப்பி, ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியது என்பது கூகுளின் கணக்கு. ஏவிஃப் பல படங்களில் ஜேபெக்கின் பாதி எடைக்கு வரும். ஆனால் எல்லாப் படங்களிலும் அல்ல. பட்டுப்புடவை அதற்கு நல்ல சோதனை.

ஜேபெக் படத்தை முதலில் வெளிச்சம் தனி, நிறம் தனி என்று பிரிக்கிறது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும். நிற வேறுபாட்டில் அவ்வளவு நுட்பம் இல்லை. அதனால் வழக்கமான அமைப்பில், நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கி, நான்கில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொள்கிறது. முகத்திலும் வானத்திலும் இது தெரியவே தெரியாது. அரக்குச் சிவப்பு உடலும் பச்சைக் கரையும் சேரும் இடத்தில் தெரியும். சிவப்பு நிறம் வெளிச்சப் பகுதிக்குத் தரும் பங்கு குறைவு. சிவப்புக்குள் ஓடும் மெல்லிய கோடுகளின் விவரம் பெரும்பாலும் நிறப் பகுதியில்தான் இருக்கிறது. அதைக் குறைத்ததும் கரையோரம் கசிந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஜேபெக்கிலும் ஏவிஃபிலும் நிறத்தைக் குறைக்காமல் முழுசாக வைக்கும் வசதி உண்டு. அமைப்புகளில் `4:4:4` என்று இருக்கும். கோப்பு சற்றுப் பெருக்கும். வழக்கமான வெப்பியில் அந்த வசதி இல்லை. நிறக் குறைப்பு கட்டாயம். கரையும் புட்டாவும்தான் விற்பனைப் பொருள் என்றால், இது முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்.

தரத்தை அளவு மீறிக் குறைத்தால் ஒவ்வொரு ஃபார்மட்டும் ஒவ்வொரு விதமாகக் கெடும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து வேலை செய்வதால் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்து, கோடு ஆகியவற்றின் ஓரத்தில் கொசு மொய்ப்பது போன்ற புள்ளிகள் வரும். ஏவிஃப் அப்படிக் காட்டிக்கொடுக்காது. சத்தமில்லாமல் நெசவை வழித்து மழமழவென்று ஆக்கிவிடும். படம் சுத்தமாகத் தெரியும். பட்டு பாலியஸ்டர் மாதிரி தெரியும். வாங்குபவர் இழையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார் என்பதால் இந்தக் கேடு ஜேபெக்கின் கட்டங்களைவிட மோசமானது.

அதனால் தர எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. ஜேபெக்கில் 80 என்பதும் ஏவிஃபில் 80 என்பதும் ஒரே தரம் அல்ல. ஒவ்வொரு சுருக்கும் கருவிக்கும் அதனதன் அளவுகோல். `squoosh.app` என்ற இலவசத் தளத்தில் படத்தைத் திறந்தால், மூலத்தையும் சுருக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். படம் உங்கள் பிரவுசருக்குள்ளேயே சுருக்கப்படும். முதலில் அகலத்தை 1080க்குக் குறையுங்கள். பிறகு தர எண்ணைப் படிப்படியாக இறக்கி, நெசவு மங்கத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். கடைசிச் சோதனையை நிஜ மொபைலில், படம் வரவேண்டிய அளவில் செய்யுங்கள். நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக் குறை கண்டுபிடித்தால் வீணாக எடையை ஏற்றிக்கொண்டே போவோம்.

புடவைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. புதிய ஐஃபோன்கள் வழக்கமான `sRGB` நிற வரம்பைவிட அகலமான வரம்பில் படம் எடுக்கின்றன. எந்த வரம்பு என்ற குறிப்பு கோப்புக்குள் இருக்கும். எடையைக் குறைக்க அந்தக் குறிப்பை மட்டும் சில மென்பொருள்கள் நீக்கிவிடும். அப்போது பிரவுசர் எண்களைத் தவறான வரம்பில் படித்து, அரக்குச் சிவப்பை வெளுத்துக் காட்டும். முதலில் நிறங்களை `sRGB`க்கு மாற்றிவிட்டுத்தான் குறிப்பை நீக்க வேண்டும். படம் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரமும் கோப்புக்குள் இருக்கலாம். அதைத் தயங்காமல் நீக்கலாம்.

கடையின் முத்திரை, அம்புக்குறி போன்ற வரைபடங்களுக்கு இந்த மூன்றும் வேண்டாம். அவற்றை எஸ்விஜியில் வைத்தால், கோடுகளாகவே இருப்பதால் எந்த அடர்த்தியிலும் கூர்மையாக வரும்.

ஏவிஃப் எல்லாப் பிரவுசரிலும் திறக்குமா? குரோமில் 2020இலும், ஃபயர்ஃபாக்ஸில் 2021இலும், ஐஃபோனில் 2022இன் ஐஓஎஸ் 16லும் வந்துவிட்டது. அதற்கு முந்தைய கருவிகளுக்காக ஜேபெக்கையும் வைத்திருந்தால் போதும்:

```html
<picture>
  <source type="image/avif"
    srcset="pattu-720.avif 720w,
            pattu-1080.avif 1080w,
            pattu-1440.avif 1440w"
    sizes="(min-width: 1000px) 600px,
           calc(100vw - 32px)">
  <!-- முன்பு எழுதிய img வரி இங்கே -->
</picture>
```

பிரவுசர் மேலிருந்து கீழாகப் படித்து, தனக்குப் புரியும் முதல் ஃபார்மட்டை எடுத்துக்கொள்ளும். `source` வரியிலும் `sizes` தேவை என்பதை மறந்துவிட்டால், பழைய தவறு புதிய ஃபார்மட்டில் திரும்பி வரும்.

சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது

பக்கம் திறந்ததும் கண்ணில் படும் முதல் படத்துக்கு `loading="lazy"` போடாதீர்கள். தேவைப்படும்போது மட்டும் இறக்கச் சொல்லும் குறிப்பு அது; முதல் படத்தில் போட்டால் உடனே வரவேண்டியதைத் தள்ளிப்போடும். அதற்கு `fetchpriority="high"` பொருத்தம். கீழே வரிசையில் உள்ள மற்றப் புடவைகளுக்கு `lazy` சரி. எல்லாப் படத்துக்கும் `width`, `height` எழுதியிருந்தால், படம் வருமுன்பே அதற்கான இடம் ஒதுக்கப்படும். படிக்கும்போது எழுத்துகள் திடீரென்று கீழே குதிக்காது.

நெசவை நெருங்கிப் பார்க்க விரும்புபவருக்கு 3000 பிக்சல் மூலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். படத்தைத் தட்டிப் பெரிதாக்கும்போது மட்டும் அது இறங்கினால் போதும். வெறுமனே பார்த்துவிட்டுப் போகும் பத்துப் பேருக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

பிரவுசர் எந்தக் கோப்பை எடுத்தது என்று பார்க்க, குரோமில் படத்தின் மேல் வலச்சொடுக்கி, Inspect தேர்ந்து, கன்சோலில் இப்படி எழுதலாம்:

```js
$0.currentSrc
```

நம் லேப்டாப்பில் விடையில் வரும் கோப்பின் பெயரில் 720 என்று இருக்க வேண்டும். இல்லை என்றால் `sizes` வரி பொய் சொல்கிறது. சோதிக்கும்போது Network பகுதியில் Disable cache குறியிட்டு, பக்கத்தைப் புதிதாகத் திறக்க வேண்டும். பெரிய கோப்பு ஏற்கெனவே கையில் இருந்தால் பிரவுசர் சின்னதை மறுபடி கேட்காது. ஜன்னலைக் குறுக்கிப் பார்த்து "மாறவே இல்லையே" என்று குழம்புவது இதனால்தான். அடர்த்தி 2 உள்ள மேக்புக்கில் 1200 தேவைப்படும் இடத்துக்கு 1080 வந்தாலும் அது தவறல்ல. பட்டியலிலிருந்து எதைத் தேர்வது என்ற உரிமையை விதிமுறை பிரவுசருக்கே கொடுத்திருக்கிறது. தேவைக்கு நெருக்கமானதை அது எடுத்துக்கொள்ளும்.

ஆறு மாதம் கழித்துக் கடைக்காரர் பக்கத்தின் தோற்றத்தை மாற்றி, புடவைப் படத்தை 600லிருந்து 900 அலகு ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டைல்ஷீட் மாறிவிடும், `sizes` வரி பழைய 600ஐயே சொல்லிக்கொண்டிருக்கும். சாதாரண லேப்டாப்பில் 720 படம் 900 அலகுக்கு இழுபட்டு மங்கும். அடர்த்தி 2 திரைக்கு 1800 தேவைப்படுவதால் இருப்புப் பட்டியலே போதாமல் போகும். எனவே, பக்கத்தின் அகலங்களைத் தொடுபவர் யாரோ அவரே `sizes` வரியையும், தேவையானால் படங்களின் அளவுகளையும் அன்றே திருத்திவிட வேண்டும்.